இரண்டாம் மாடிக்கு மேலே இரண்டடி

கேள்வி: "வணக்கம் சேர். ஹட்டனில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். கீழே கடைகள், மேலே கிளினிக்கும் டியூஷன் வகுப்புகளும். போன செவ்வாய் மாலை நல்ல மழை. எட்டுப் பேர் போகும் எங்கள் லிப்ட் கீழிருந்து நான்காம் மாடிக்குப் போகும்போது, இரண்டாம் மாடிக்கு இரண்டடி மேலே நின்றுவிட்டது. உள்ளே ஒரு பாட்டி, ஓ.எல். படிக்கிற இரண்டு பிள்ளைகள். உள்ளே லைட்டும் ஃபேனும் நிற்கவில்லை. எங்கள் செக்குரிட்டி சாவி போட்டு வெளிக் கதவைத் திறந்து மூன்று பேரையும் இறக்கிவிட்டார். கதவை மூடி, மெயினை அணைத்துத் திரும்பப் போட்டதும் லிப்ட் ஓடியது. இரவு வரை ஓட்டினோம். மறுநாள் கம்பனி ஆள் வந்து 'கரண்ட் பிரச்சினை' என்று எழுதிவிட்டுப் போனார். முதலாளி என்னிடம் அறிக்கை கேட்கிறார். 'மின் கோளாறால் லிப்ட் நின்றது, பயணிகள் பாதுகாப்பாக மீட்கப்பட்டனர்' என்று எழுதினால் போதுமா?"

பதில்: போதாது. நீங்கள் எனக்கு எழுதிய கடிதம், முதலாளிக்குக் கொடுக்க நினைக்கும் அந்த ஒற்றை வரியைவிட எவ்வளவோ நல்ல அறிக்கை. எங்கே நின்றது, எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது, உள்ளே லைட் எரிந்ததா, யார் எந்தக் கதவைத் திறந்தார், என்ன செய்தபிறகு ஓடியது என்று எல்லாம் கடிதத்தில் இருக்கிறது. அறிக்கை என்று வந்ததும் அதையெல்லாம் எடுத்துவிட்டு 'மின் கோளாறு' என்று முடிவை மட்டும் வைத்துவிட்டீர்கள். அந்த முடிவு சரியா என்பதே எனக்குச் சந்தேகம். ஏன் என்று சொல்கிறேன். அதைப் பார்த்தாலே அறிக்கையில் என்ன எழுத வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் கரண்ட் விஷயம். கட்டடம் முழுக்க மின்சாரம் போயிருந்தால் லிப்டின் உள்ளே வழக்கமான லைட் அணைந்து, பெட்டரியில் எரியும் மங்கலான சின்ன லைட் மட்டும்தான் இருந்திருக்கும். ஃபேனும் நின்றிருக்கும். உங்கள் கட்டடத்தில் அப்படி நடக்கவில்லை. ஆனால் இதை மட்டும் வைத்து கரண்டில் குற்றமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. லிப்டை இழுக்கும் மோட்டருக்கு மூன்று ஃபேஸ் வேண்டும். லைட்டும் ஃபேனும் ஒரே ஃபேஸில், தனி சுவிட்சில் ஓடுகிறவை. மூன்றில் ஒரு ஃபேஸ் மட்டும் போனாலும், வோல்டேஜ் சட்டென்று விழுந்தாலும் லிப்ட் நிற்கும், லைட் எரிந்துகொண்டே இருக்கும். மலைநாட்டில் மழையும் காற்றும் வரும் நாட்களில் மரக்கிளை கம்பியில் பட்டு இப்படி நடப்பது சகஜம்தான். கம்பனி ஆள் அந்தப் பழக்கத்தில்தான் எழுதியிருப்பார்.

ஆனால் அப்படி நடந்திருந்தால் லிப்ட் மட்டும் தனியாக அறிந்திருக்காது. கீழே கடையில் ஃப்ரிட்ஜ் நின்று திரும்ப ஓடியிருக்கும், கிளினிக்கில் லைட் சிமிட்டியிருக்கும், தண்ணீர் பம்ப் ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் முனகியிருக்கும். இன்றைக்கே கீழே போய்க் கடைக்காரர்களிடம் கேளுங்கள்: "செவ்வாய் மாலை அந்த நேரத்தில் கரண்ட் வெட்டியதா?" மூன்று பேர் 'இல்லை' என்றால் அதை அப்படியே எழுதுங்கள். கரண்ட் போனால் லிப்டைப் பக்கத்து மாடிக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறந்துவிடும் பெட்டரிக் கருவி உங்களிடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். எட்டுப் பேர் போகும் லிப்டுகள் பலவற்றில் இது இருக்கும். அது இருந்தும் அன்றைக்கு வேலை செய்யவில்லை என்றால் இரண்டில் ஒன்று. பெட்டரி செத்திருக்க வேண்டும், அல்லது நின்றதற்குக் காரணம் கரண்டே இல்லை. பாதுகாப்பு வயர் எங்கேயாவது திறந்திருந்தால் அந்தக் கருவி லிப்டை அசைக்காது. அசைக்கவும் கூடாது.

அந்தப் பாதுகாப்பு வயர் என்பது என்ன? திருவிழாவில் கோயிலைச் சுற்றித் தொடராகக் கட்டும் சின்ன பல்புகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கழன்றால் மொத்தமும் அணைந்துவிடும். லிப்டிலும் அப்படித்தான். ஒவ்வொரு மாடியிலும் உள்ள வெளிக் கதவின் பூட்டு, கூண்டின் உள் கதவு, வேகம் மீறினால் பிடிக்கும் கருவி, மேலேயும் கீழேயும் எல்லை சுவிட்ச், குழியில் இருக்கும் நிறுத்து சுவிட்ச் எல்லாம் ஒரே தொடரில் கட்டியவை. ஓடிக்கொண்டிருக்கும்போது இவற்றில் ஒன்று ஒரு கணம் திறந்தாலும் மோட்டருக்கு மின்சாரம் அறுந்து பிரேக் விழும். இந்த வேலையில் நான் பார்த்தவரை, நடுவழியில் நிற்கும் லிப்டுகளில் பெரும்பாலானவற்றைக் கடைசியில் ஏதோ ஒரு கதவில்தான் கொண்டுபோய் முடித்திருக்கிறேன்.

இப்போது உங்கள் 'இரண்டடி'க்கு வருவோம். கடிதத்திலேயே மிகவும் பயனுள்ள சொல் அதுதான். கூண்டு ஒரு மாடியில் நிற்கும்போது உள் கதவில் இருக்கும் ஒரு தகடு, வெளிக் கதவுப் பூட்டின் சின்ன ரோலர்களைப் பிடித்துத் தள்ளித்தான் வெளிக் கதவையும் சேர்த்துத் திறக்கிறது. நிற்காமல் கடந்துபோகும் மாடிகளில் அந்தத் தகடு ரோலர்களுக்கு நடுவே, எதையும் தொடாமல் போக வேண்டும். வெளிக் கதவு கொஞ்சம் தொங்கியிருந்தால், அடியில் கதவை வழிநடத்தும் துண்டு தேய்ந்திருந்தால், வாசற்படிக் காடியில் சேறு அடைத்துக் கதவு முழுதாக மூடாமல் இருந்தால், தகடு போகிற போக்கில் ரோலரை உரசிவிடும். பூட்டின் கொன்டாக்ட் ஒரு கணம் விலகும். அந்தக் கணத்திலேயே பிரேக்.

சின்னக் கட்டட லிப்ட் பெரும்பாலும் செக்கனுக்கு ஒரு மீற்றர் வேகத்தில் போகும். பிரேக் விழுந்து நிற்க ஏறக்குறைய ஓரடி, ஒன்றரை அடி எடுக்கும். மேலே போகும் லிப்ட் இரண்டாம் மாடியைக் கடந்து தகடு ரோலரை விட்டு விலகும் இடத்தில் கொன்டாக்ட் விலகியிருந்தால், கூண்டு இரண்டாம் மாடிக்கு இரண்டடி மேலே நிற்கும். உங்கள் லிப்ட் நின்றதும் அங்கேதான். கரண்ட் வெட்டியிருந்தால் எங்கே வேண்டுமானாலும் நின்றிருக்கலாம், இதே இடத்தில் நிற்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரு தடவை நின்றதை வைத்து நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். ஆனால் நான் அங்கே வந்தால் முதலில் கை வைப்பது இரண்டாம் மாடி வெளிக் கதவில்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. மெயினை அணைத்துப் போட்டதால் ஓடியது என்கிறீர்கள். அதற்கு முன்னாலேயே செக்குரிட்டி இரண்டாம் மாடிக் கதவைத் திறந்து, திரும்பவும் மூடிவிட்டார் அல்லவா? சரியாகப் பூட்டாமல் இருந்த கதவு அந்த மூடலில் நன்றாகப் பூட்டியிருக்கலாம். அப்படியானால் லிப்டை ஓட வைத்தது அவர் கதவை மூடியதுதான், பெயர் மட்டும் மெயின் சுவிட்சுக்குப் போயிருக்கிறது. இதனால்தான் நடந்ததை நடந்த வரிசையில் எழுதச் சொல்கிறேன். கதவைத் திறந்தது முதலா, மெயினை அணைத்தது முதலா? கதவை மூடியதும் ஏதாவது 'டக்' என்று கேட்டதா? வரிசை மாறினால் காரணமும் மாறிவிடும்.

கொன்ட்ரோலரைப் பற்றியும் எழுத வேண்டும். இப்போதைய கொன்ட்ரோலர்கள் கோளாறு நடந்த நேரத்தையும் ஓர் இலக்கத்தையும் சேமித்து வைக்கும். அந்த இலக்கத்துக்கு என்ன பொருள் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடும். அதனால் நீங்கள் பொருள் சொல்ல முயலாமல் திரையில் உள்ளதை ஃபோனில் படம் எடுத்து இணைத்துவிடுங்கள். சில பழைய கொன்ட்ரோலர்களில் மெயினை அணைத்தாலே இந்தக் குறிப்பு அழிந்துபோகும். ஆகவே இனி ஒரு தடவை நடந்தால், கம்பனி ஆளை வரவழைத்து, மெயினை அணைக்கும் முன் அதைப் படிக்கச் சொல்லுங்கள். படம் எடுக்கும்போது உங்கள் ஃபோன் நேரத்தையும் பக்கத்தில் எழுதிவையுங்கள். கொன்ட்ரோலரின் கடிகாரம் சரியாக இருப்பது அபூர்வம். இருபது நிமிடம் பிந்தி ஓடும் ஒரு கடிகாரத்தை நம்பி, வேறொரு கோளாறை இந்தச் சம்பவத்தோடு முடிச்சுப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது பராமரிப்பு வரலாறு. 'மாதாமாதம் சேவை செய்யப்படுகிறது' என்று எழுதாதீர்கள். அது யாருக்கும் எதையும் சொல்லாது. இதை ஒரு சம்பவத்தோடு சொன்னால் விளங்கும்.

சில வருடங்களுக்கு முன் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலுக்குக் கூப்பிட்டார்கள். ஏப்ரல் சீசன், அறை எல்லாம் நிறைந்திருந்தது. ஐந்து வாரத்தில் லிப்ட் நான்கு தடவை நடுவில் நின்றிருந்தது. பராமரிப்புக் கோப்பை எடுத்தால் நான்கு துண்டுச் சீட்டு. நான்கிலும் ஒரே வாசகம்: 'ரீசெட் செய்யப்பட்டது, சரி'. எங்கே நின்றது, மேலே போனதா கீழே போனதா, ஒன்றும் இல்லை. அதை வைத்து நான் என்ன தேடுவது? இரவு வரவேற்பில் நிற்கும் பெண்ணிடம் ஒரு கொப்பி இருந்தது. விருந்தினர் புகார்களைத் தன் நினைவுக்காக எழுதிவைத்திருந்தார். 'அறைக்குப் போன இரண்டு பேர் முதல் மாடிக்குக் கொஞ்சம் மேலே மாட்டிக்கொண்டார்கள்', 'காலைச் சாப்பாட்டுக்கு இறங்கிய குடும்பம் முதல் மாடி வாசலுக்குக் கீழே நின்றுவிட்டது' என்று நான்கும் அதில் இருந்தன. மேலே போகும்போது இரண்டு தடவை, கீழே வரும்போது இரண்டு தடவை. மேலே போனபோது முதல் மாடிக்கு மேலே, கீழே வந்தபோது முதல் மாடிக்குக் கீழே. நான்கும் முதல் மாடியைச் சுற்றித்தான்.

நேராக முதல் மாடிக் கதவுக்குப் போனேன். பயணப் பெட்டிகளின் சில்லு இடித்து இடித்து, கதவின் அடியில் இருந்த வழிநடத்தும் துண்டு தேய்ந்துபோயிருந்தது. கையால் தள்ளினால் கதவு உள்ளே ஆடியது. பூட்டின் கொக்கி குறைந்தது 7 மில்லிமீற்றராவது மாட்டியிருக்க வேண்டும் என்பது லிப்ட் தரநிலை. அங்கே நான் அளந்தது 4 தான். கூண்டு கடந்துபோகும்போது கதவு ஆடும், கொன்டாக்ட் விலகும், லிப்ட் நிற்கும். ஆள் வந்து ரீசெட் செய்வார், ஓடும். நான்கு சீட்டும் பொய் இல்லை, ரீசெட் செய்தார்கள், ஓடியதும் உண்மைதான். ஆனால் அந்தப் பெண்ணின் கொப்பி இல்லாவிட்டால் ஐந்தாவது சீட்டும் அப்படியே எழுதப்பட்டிருக்கும். தேய்ந்த துண்டுகளை மாற்றி, கதவை நிமிர்த்தி, பூட்டைச் சரிசெய்ய ஒரு காலைப் பொழுது போதுமாக இருந்தது.

நீங்களும் அதைத்தான் செய்ய வேண்டும். கடந்த 12 மாதச் சேவைச் சீட்டுகளை எடுத்து ஒரே தாளில் தேதி வரிசையில் போடுங்கள். வழக்கமான சேவையைத் தனியாகவும், கூப்பிட்டு வந்ததைத் தனியாகவும் பிரியுங்கள். ஒவ்வொரு அழைப்புக்கும் எதிரே எந்த மாடி, எந்தத் திசை, கதவில் ஏதாவது தொட்டார்களா, என்ன மாற்றினார்கள் என்று போடுங்கள். சீட்டில் இல்லாததை செக்குரிட்டியும் கிளினிக் ஆட்களும் ஞாபகத்திலிருந்து சொல்வார்கள். அப்படிச் சொன்னதைச் 'சொல்லக் கேட்டது' என்று பக்கத்தில் குறித்துவிடுங்கள், சீட்டில் இருந்ததோடு கலந்துவிடாதீர்கள். மீட்புக் கருவியின் பெட்டரியை எப்போது மாற்றினார்கள் என்பதும் வேண்டும். மூன்று, நான்கு வருடத்துக்குமேல் கிடந்த பெட்டரியை நம்ப முடியாது.

மழையையும் எழுதுங்கள். ஹட்டன் பக்கம் தென்மேல் பருவம் பிடித்துவிட்டால் நாள்கணக்கில் விடாது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் குடையும் சப்பாத்தும் கொண்டுவரும் தண்ணீரும் சேறும் வாசற்படிக் காடியில்தான் போய்ச் சேரும். முந்தைய நிறுத்தங்களும் மழை நாட்களில்தான் வந்தன என்றால், கதவின் அடியைத் தேடச் சொல்லும் இன்னொரு தடயம் அது.

இனி ஆட்களை வெளியே எடுத்த பகுதி. எல்லோரும் ஒரே சொல்லில் கடந்துவிடும் இந்தப் பகுதியைத்தான் நான் முதலில் படிப்பேன். 'மீட்கப்பட்டனர்' என்ற சொல்லில் யார் மீட்டார், எப்படி மீட்டார் என்பது இல்லை. உங்கள் செக்குரிட்டியைக் காப்பாற்ற நினைத்து அப்படி எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அவர் நல்ல மனத்தோடு ஓடிப்போய் உதவியவர், அவர்மேல் குற்றம் சாட்ட நான் இதைச் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு உங்கள் கட்டடத்தில் நடந்தவற்றில் மிக ஆபத்தானது லிப்ட் நின்றது அல்ல, ஆட்களை இறக்கிய விதம். அதை மறைத்தால் அடுத்த தடவையும் அதே போலத்தான் நடக்கும்.

கூண்டு இரண்டடி மேலே நிற்கும்போது அதன் தரைக்கும் மாடித் தரைக்கும் நடுவே இரண்டடி உயரத்துக்கு ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியின் பின்னால் லிப்ட் கிணறு. உங்கள் கட்டடத்தில் இரண்டு மாடி ஆழமும் அதற்குக் கீழே குழியும். கூண்டு வாசலின் கீழே ஒரு தகடு தொங்கும், 75 சென்றிமீற்றர் நீளம் இருக்க வேண்டும். அது சரியாக இருந்தால் இரண்டடி இடைவெளியை மூடியிருக்கும், உங்களுக்கு நல்ல காலம். ஆனால் குழி ஆழம் போதாத கட்டடங்களில் அந்தத் தகட்டை வெட்டிச் சின்னதாக வைத்திருப்பார்கள். அப்போது கீழே குதிக்கும் ஒருவர் கால் வழுக்கிப் பின்னால் சாய்ந்தால் நேராகக் கிணற்றுக்குள் போவார். மழை நாள், ஈரச் செருப்பு, ஒரு பாட்டி. நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. உங்கள் லிப்டில் அந்தத் தகடு எவ்வளவு நீளம் என்று கம்பனி ஆளை அளந்து எழுதச் சொல்லுங்கள்.

இரண்டாவது, மெயின் அணைக்காமல் கதவைத் திறந்தது. வெளிக் கதவு திறந்திருந்தால் பாதுகாப்பு வயர் அறுந்திருக்கும், லிப்ட் ஓடாது என்பது சரி. ஆனால் கோளாறே அந்தக் கதவுப் பூட்டில் என்று சந்தேகிக்கும் நேரத்தில் அதே பூட்டை நம்பி ஆளை இறக்கக் கூடாது. கோளாறு தேடும்போது யாராவது ஒரு கொன்டாக்டைக் குறுக்கே வயர் போட்டு இணைத்துவிட்டு, எடுக்க மறந்துபோனதும் நடக்கிற விஷயம்தான். மெயினை முதலில் அணைத்திருந்தால் இந்தக் கவலையே இல்லை. கூண்டின் லைட் தனி சுவிட்சில் இருப்பதால் மெயினை அணைத்தாலும் உள்ளே இருட்டாகாது.

முறையாக எப்படிச் செய்திருப்பார்கள் என்றால், முதலில் உள்ளே இருப்பவர்களிடம் பேசுவார்கள். கதவைவிட்டுத் தள்ளி நிற்கச் சொல்லி, கூண்டில் காற்று வரத் துவாரம் உண்டு, மூச்சு முட்டாது என்று சொல்வார்கள். பிறகு மெயினை அணைத்து, வேறு யாரும் போடாதபடி ஓர் ஆளை அங்கேயே நிறுத்துவார்கள். எல்லா மாடியிலும் வெளிக் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அப்புறம் பயிற்சி பெற்ற இருவர் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, கூண்டை ஒரு மாடிக்குச் சமமாகக் கொண்டுவந்துவிட்டுத்தான் கதவைத் திறப்பார்கள். உங்கள் லிப்ட் அன்றைக்கு எந்தப் பக்கம் போயிருக்கும் தெரியுமா? மேலே. இரண்டாம் மாடி இரண்டே அடி தூரத்தில் கீழே இருக்க, கூண்டு மூன்றாம் மாடியை நோக்கித்தான் நகர்ந்திருக்கும். மறுபக்கம் தொங்கும் எதிர் எடை, வெறும் கூண்டின் எடையோடு முழுப் பாரத்தில் ஏறக்குறைய பாதியையும் சேர்த்துச் செய்யப்பட்டது. எட்டுப் பேர் லிப்டின் முழுப் பாரம் 630 கிலோ, பாதி 315. ஒரு பாட்டியும் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து அவ்வளவு வரமாட்டார்கள். எதிர் எடைப் பக்கம் பாரம் கூட, பிரேக்கை விட்டதும் அது இறங்கும், கூண்டு ஏறும். இது தெரியாத ஒருவர் பிரேக்கில் கைவைத்து, 'கீழேதானே வர வேண்டும், ஏன் மேலே போகிறது' என்று பயந்து கையை எடுத்தால், அல்லது இன்னொருவர் அதே நேரம் இரண்டாம் மாடிக் கதவைத் திறந்து வைத்திருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஆகவே உங்கள் செக்குரிட்டி பிரேக் பக்கம் போகாதது நல்லது. பயிற்சி இல்லாமல் இனியும் போகவேண்டாம்.

அறிக்கையில் அந்தப் பகுதியை இப்படி எழுதலாம். நேரங்களை நீங்கள் கேட்டு நிரப்புங்கள்.

"மாலை __ மணிக்கு உள்ளே இருந்தவர்கள் அலாரம் அழுத்தினர். __ மணிக்குக் காவலாளி கேட்டுப் போனார். கூண்டின் தரை இரண்டாம் மாடித் தரையிலிருந்து ஏறக்குறைய இரண்டடி மேலே இருந்தது (கண்ணால் பார்த்தது, அளக்கவில்லை). பராமரிப்புக் கம்பனிக்கு __ மணிக்குத் தொலைபேசி எடுத்தோம் / எடுக்கவில்லை. மெயின் சுவிட்ச் அணைக்கப்படாத நிலையில் காவலாளி முக்கோணச் சாவியால் இரண்டாம் மாடி வெளிக் கதவைத் திறந்தார். உள் கதவைத் திறந்தவர் __. மூவரும் கூண்டிலிருந்து மாடித் தரைக்கு இறங்கினர், காவலாளி கை கொடுத்தார். கூண்டு நகர்த்தப்படவில்லை. வெளியே வந்த நேரம் __. காயம் இல்லை / உண்டு. இந்தச் சாவியைப் பயன்படுத்தக் காவலாளிக்குப் பயிற்சி அளிக்கப்படவில்லை. கதவை மூடியபின் மெயினை அணைத்துப் போட்டோம். லிப்ட் ஓடியது. கம்பனி பார்க்கும் முன் இரவு __ மணி வரை பயன்பாட்டில் இருந்தது."

பயிற்சி பற்றிய வரியையும் கடைசி வரியையும் எழுத உங்களுக்குத் தயக்கமாக இருக்கும். எழுதுங்கள். பயிற்சி இல்லை என்பது செக்குரிட்டியின் குற்றம் இல்லை, சாவியைக் கொடுத்து வழி சொல்லிக்கொடுக்காதவர்களின் பொறுப்பு. முதலாளி அதைக் கண்ணால் படித்தால்தான் பயிற்சிக்கு ஏற்பாடு செய்வார். காரணம் தெரியாமல் நின்று, தானாக ஓடத் தொடங்கிய லிப்டைக் கம்பனி ஆள் பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை அணைத்தே வைத்திருக்க வேண்டும், அன்றைக்கு வைக்கவில்லை. அதுவும் அறிக்கையில் இருக்கட்டும்.

காரணம் என்ற இடத்தில் 'மின் கோளாறு' என்றும் போடவேண்டாம், நான் சொன்னேன் என்று 'கதவுக் கோளாறு' என்றும் போடவேண்டாம். "காரணம் உறுதியாகவில்லை. கம்பனி மின் தடை என்று குறித்துள்ளது. அந்த நேரத்தில் லிப்டினுள் லைட்டும் ஃபேனும் இயங்கின, கடைகளில் மின்வெட்டு உணரப்பட்டது / படவில்லை. இரண்டாம் மாடி வெளிக் கதவின் பூட்டு, ரோலர், அடித் துண்டு, வாசற்படிக் காடி ஆகியவற்றைச் சோதித்து எழுத்தில் அறிவிக்கும்படி கம்பனியிடம் கேட்கிறோம்" என்று எழுதி, கம்பனிக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். இப்படிக் கேட்டால் 'கரண்ட் பிரச்சினை' என்று ஒரு வரியில் பதில் எழுத முடியாது. பூட்டு எத்தனை மில்லிமீற்றர் மாட்டுகிறது என்று அளந்துதான் எழுத வேண்டியிருக்கும்.

முதலாளியிடம் அறிக்கை போகும்வரை காத்திருக்காமல் இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். இரண்டாம் மாடியில், லிப்ட் வேறு மாடியில் நிற்கும்போது, வெளிக் கதவை வெளியிலிருந்தே உள்ளங்கையால் பக்கவாட்டில் திறக்கிற மாதிரி இழுத்துப் பாருங்கள், அடியில் மெதுவாக உள்நோக்கித் தள்ளியும் பாருங்கள். சாவி போடவேண்டாம், பலமாக அழுத்தவும் வேண்டாம். மற்ற மாடிக் கதவுகளிலும் அதே மாதிரி செய்து ஒப்பிடுங்கள். இரண்டாம் மாடிக் கதவு மற்றவற்றைவிட அதிகம் ஆடினாலோ, விரல் நுழையும் அளவு விலகினாலோ, லிப்டை அப்போதே அணைத்து எல்லா மாடியிலும் அறிவிப்பு ஒட்டிவிட்டுக் கம்பனிக்குப் பேசுங்கள். கிளினிக்குக்கு வரும் வயதானவர்களுக்கு இரண்டு நாள் சிரமம்தான். முடிந்தால் அந்த இரண்டு நாளும் டொக்டரைக் கீழே ஓர் அறையில் இருந்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

அந்த முக்கோணச் சாவியையும் கொக்கியில் தொங்கவிடாமல் பூட்டிய இடத்தில் வையுங்கள். பயிற்சி முடியும்வரை செக்குரிட்டிக்கு நீங்கள் கொடுக்க வேண்டியது கம்பனியின் 24 மணி நேர இலக்கமும், உள்ளே யாருக்காவது உடம்பு முடியாவிட்டால் அழைக்க 1990 அம்புலன்ஸும், 110 தீயணைப்பு மீட்புச் சேவையும் எழுதிய ஒரு தாள். அதை லிப்ட் வாசலிலேயே ஒட்டிவிடுங்கள்.